எத்தனை செய்வது? நான்கு விதிகளும் ஓர் அட்டவணையும்

"ஓர் அலமாரி செய்ய எங்களுக்கு 55 ஆகிறது. ஒருவர் 53-க்கு இரண்டு கேட்கிறார். கொடுக்கலாமா?"

பொருளும் எண்களும் மாறினாலும் இந்தக் கேள்வி என்னிடம் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் "நஷ்டத்துக்கு விற்பதா?" என்ற கோபத்தோடு கேட்கிறார்கள். மீதிப் பேருக்கு "சும்மா கிடக்கும் இயந்திரம் ஓடட்டுமே" என்ற ஆசை. 55, 53 என்ற இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. 55 என்பது சராசரி. இதுவரை செய்த எல்லா அலமாரிகளுக்கும் ஆன செலவைக் கூட்டி வகுத்ததால் வந்த எண் அது. அடுத்து செய்யப்போகும் அலமாரிக்கு எவ்வளவு ஆகும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

53-க்கான பதிலுக்கு வருவதற்கு முன், அதற்கு அடியில் இருக்கும் பெரிய கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நிறுவனம் வாரத்துக்கு எத்தனை அலகு செய்வது என்று எப்படி முடிவு செய்வது? நடைமுறையில் நான்கு விதிகளை மக்கள் பின்பற்றுகிறார்கள். அவற்றை ஒரே கணக்கில் ஓடவிட்டுப் பார்ப்போம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

எனக்கு நான்கு அளவுகோல்கள் போதும்.

முதலாவது, வாரக் கடைசியில் கையில் மிஞ்சும் லாபம். இரண்டாவது, விதியைப் பயன்படுத்த என்னென்ன எண்கள் தேவை, அவை கணக்குப் புத்தகத்திலேயே கிடைக்குமா என்பது. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: வாடகை ஏறினாலோ வரி மாறினாலோ அந்த விதி சரியான திசையில் நகர்கிறதா? இன்று தற்செயலாகச் சரியான விடை தரும் விதி, நாளை சூழ்நிலை மாறும்போதுதான் காலை வாரிவிடும். நான்காவது, நம் மதிப்பீடு சற்றுப் பிசகினால் இழப்பு எவ்வளவு என்பது.

லாபம்தான் நோக்கம் என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன். நோக்கம் வேறாக இருந்தால் வேறு விதி வெல்லும். அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## கணக்கு

அலமாரி செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொகைகளுக்கு நாணயப் பெயர் போடவில்லை. எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான். ஒன்றும் செய்யாமல் கதவைச் சாத்தி வைத்திருந்தாலும் வாடகை, காப்பீடு, கணக்காளர் சம்பளம் என்று வாரத்துக்கு 120 போய்விடும். இதுதான் மாறாச் செலவு. மரம், கூலி, மின்சாரம், மெருகு எல்லாம் செய்யும் எண்ணிக்கையைப் பொறுத்தவை. விலை 100 என்று வைத்தால் வாரத்துக்கு ஒன்றுதான் விற்கும். கூடுதலாக ஒவ்வொன்றை விற்கவும் விலையை 5 குறைக்க வேண்டும். அந்தக் குறைந்த விலை அந்த வாரம் வாங்கும் எல்லாருக்கும்தான்.

| அலகு | விலை | மொத்த வருவாய் | இறுதிநிலை வருவாய் | இறுதிநிலைச் செலவு | மொத்தச் செலவு | சராசரிச் செலவு | லாபம் |
|---|---|---|---|---|---|---|---|
| 0 | – | 0 | – | – | 120 | – | −120 |
| 1 | 100 | 100 | 100 | 38 | 158 | 158 | −58 |
| 2 | 95 | 190 | 90 | 32 | 190 | 95 | 0 |
| 3 | 90 | 270 | 80 | 30 | 220 | 73.3 | 50 |
| 4 | 85 | 340 | 70 | 32 | 252 | 63 | 88 |
| 5 | 80 | 400 | 60 | 36 | 288 | 57.6 | 112 |
| 6 | 75 | 450 | 50 | 42 | 330 | 55 | 120 |
| 7 | 70 | 490 | 40 | 50 | 380 | 54.3 | 110 |
| 8 | 65 | 520 | 30 | 62 | 442 | 55.3 | 78 |
| 9 | 60 | 540 | 20 | 80 | 522 | 58 | 18 |
| 10 | 55 | 550 | 10 | 105 | 627 | 62.7 | −77 |

இறுதிநிலைச் செலவு என்பது இன்னும் ஒன்று செய்தால் மொத்தச் செலவு எவ்வளவு ஏறும் என்பது. சில பாடநூல்கள் இதை எல்லைச் செலவு என்று சொல்லும். முதல் அலமாரிக்கு 38 ஆகிறது. இரண்டு, மூன்று என்று போகும்போது ஒரே அமைப்பில் பலகைகளை அறுக்க முடிவதால் செலவு 30 வரை இறங்குகிறது. பிறகு ஏறத் தொடங்குகிறது. அதே பட்டறையில் அதே இரண்டு இயந்திரங்களுக்கு ஆட்கள் காத்து நிற்க வேண்டியிருக்கிறது, மிகைநேரக் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது, களைப்பில் வெட்டிய பலகை வீணாகிறது. இட வசதியும் இயந்திரமும் மாறாமல் இருக்கும் வரை இந்த ஏற்றத்தைத் தவிர்க்க முடியாது.

இறுதிநிலை வருவாய் என்பது இன்னும் ஒன்று விற்றால் மொத்த வருவாய் எவ்வளவு கூடும் என்பது. தடுமாற்றம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆறாவது அலமாரி 75-க்கு விற்கிறது, ஆனால் அதனால் கூடும் வருவாய் 50 மட்டுமே. மீதி 25 எங்கே போயிற்று? ஐந்து மட்டும் விற்றிருந்தால் அந்த ஐந்தும் 80-க்குப் போயிருக்கும். ஆறாவதை விற்பதற்காக விலையை 75 ஆக்கியதால் அந்த ஐந்திலும் தலா 5 இழந்தோம். விலைச்சீட்டில் 75 என்றுதான் இருக்கும். இந்த 25 எந்த ரசீதிலும் எழுதப்படுவதில்லை. விலையையே இறுதிநிலை வருவாய் என்று நினைத்துக்கொள்பவர் தேவைக்கு மேல் செய்துகொண்டே போவார்.

## விதி 1: சராசரிச் செலவு மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் நிறுத்து

பொறியாளர்களுக்கும் பட்டறை மேற்பார்வையாளர்களுக்கும் பிடித்த விதி இது. ஓர் அலகுக்கான செலவு எங்கே அடிமட்டத்தைத் தொடுகிறதோ அங்கே பட்டறை திறமையாக ஓடுகிறது என்பது அவர்கள் வாதம். நம் அட்டவணையில் அந்த இடம் 7. சராசரி 54.3, லாபம் 110.

உச்ச லாபமான 120-க்கு இது மிகவும் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் தற்செயலாக வந்த நெருக்கம் அது. இந்த விதி வாங்குபவர் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. விலை 70 ஆனாலும் 40 ஆனாலும் அது சொல்லும் எண் 7-தான்.

மூன்றாவது அளவுகோலில் இது இன்னும் மோசம். வாடகை ஏறி மாறாச் செலவு 120-இலிருந்து 240 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 அலகின் சராசரி 71.4 ஆகிவிடும், 8 அலகின் சராசரி 70.3. அதாவது விதி இப்போது "எட்டு செய்" என்கிறது. வாடகை ஏறியதற்காகக் கூடுதலாக ஒரு அலமாரி செய்யச் சொல்கிறது! அதைக் கேட்டால் 42 நஷ்டம். ஆறு செய்திருந்தால் வரவும் செலவும் சரியாகப் போயிருக்கும். "பெரிய செலவைப் பல அலகுகளில் பரப்ப வேண்டும்" என்ற வாசகத்தை எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். பரப்புவதால் வாடகைத் தொகை ஒரு காசு குறைவதில்லை. அந்தக் கூடுதல் அலமாரிகளை விற்க விலையை இறக்க வேண்டியிருப்பதுதான் மிச்சம்.

இந்த விதி எங்கே சரி? பட்டறையைக் கட்டுவதற்கு முன். எவ்வளவு பெரிய கூடம், எத்தனை இயந்திரம் என்று இன்னும் முடிவாகாத நிலையில், எதிர்பார்க்கும் விற்பனைக்கு எந்த அளவு பட்டறை மலிவாக வேலை செய்யும் என்று பார்ப்பது நியாயமே. கட்டி முடித்த பிறகு வாராந்திர எண்ணிக்கையை இது தீர்மானிக்கக் கூடாது.

## விதி 2: விலை சராசரிச் செலவைத் தாண்டி இருக்கும் வரை செய்

"ஒவ்வொன்றிலும் லாபம் வருகிறதல்லவா, ஏன் நிறுத்த வேண்டும்?" என்ற வாதம் இது. ஒன்பது அலமாரி செய்தால் சராசரிச் செலவு 58, விலை 60. ஒவ்வொன்றிலும் 2 மிஞ்சுவதுபோலத் தெரிகிறது. பத்தாவதில்தான் விலை செலவுக்குக் கீழே போகிறது. ஆகவே 9.

லாபம் 18. ஆறோடு நிறுத்தியிருந்தால் 120 கிடைத்திருக்கும். ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது மூன்றும் சேர்ந்து 102-ஐத் தின்றுவிட்டன. ஆனாலும் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் நஷ்டம் தரும் அலமாரி ஒன்றுகூடக் கண்ணில் படாது. முந்தைய அலமாரிகள் ஈட்டிய லாபத்தை எடுத்து, கடைசி மூன்றின் நஷ்டத்தை மூடிக் காட்டுவதுதான் சராசரியின் வேலை. ஒன்பதாவதைத் தனியாகப் பாருங்கள்: அதற்கு ஆன கூடுதல் செலவு 80, அதனால் வந்த கூடுதல் வருவாய் 20.

இதன் உறவுக்கார விதி ஒன்றும் உண்டு: முழுச் சராசரிச் செலவோடு ஒரு விகிதத்தைச் சேர்த்து விலை வைப்பது, அந்த விலையில் விற்கும் அளவு செய்வது. இதை ஏளனமாக ஒதுக்கிவிட முடியாது. 1939-இல் ஆக்ஸ்ஃபோர்டு பொருளியலாளர்கள் ஹாலும் ஹிட்ச்சும் 38 தொழில் நடத்துநர்களிடம் விலையை எப்படி வைக்கிறீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலோர் சொன்னது இந்த முறையைத்தான். இறுதிநிலைக் கணக்கு என்று யாரும் போடுவதாகத் தெரியவில்லை என்ற வாதம் அங்கிருந்து சூடு பிடித்தது. 1946-இல் பொருளியலாளர் ஃபிரிட்ஸ் மாக்லுப் இதற்கு ஒரு பதில் சொன்னார்: முன்னால் போகும் லாரியை முந்தும் ஓட்டுநர் வேகத்தையும் தூரத்தையும் சமன்பாடு போட்டுக் கணக்கிடுவதில்லை, ஆனாலும் சரியாக முந்திவிடுகிறார். தொழில் நடத்துபவரும் அப்படித்தான் என்றார். என் அனுபவத்தில் இரு தரப்பும் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. விகிதத்தைச் சேர்த்து விலை வைப்பதாகச் சொல்பவர்கள், சரக்கு தேங்கியதும் அந்த விகிதத்தைக் குறைத்துவிடுகிறார்கள். குறைக்கும் அந்த நொடியில் அவர்கள் செய்வது இறுதிநிலைக் கணக்குதான், பெயர்தான் தெரியாது.

லாபம் நோக்கமாக இல்லாத இடத்தில் விதி 2 சரியானது. நஷ்டமில்லாமல் முடிந்தவரை அதிகம் பேருக்குப் பொருள் போய்ச் சேர வேண்டும் என்று நடத்தப்படும் கூட்டுறவு அமைப்புக்கோ அறக்கட்டளைக்கோ 9-தான் சரியான விடை.

## விதி 3: மொத்த வருவாய் உச்சம் தொடும் வரை செய்

விற்பனைப் பிரிவு ஆட்சி செய்யும் நிறுவனங்களில் இது நடக்கிறது. விடை 10: வருவாய் 550, லாபத்துக்குப் பதில் 77 நஷ்டம். பதினொன்றாவதும் 50-க்கு விற்கும். ஆனால் மொத்த வருவாய் அதே 550-தான்.

நல்ல நிர்வாகிகள்கூட ஏன் இந்தப் பக்கம் சாய்கிறார்கள்? ஊக்கத்தொகையைப் பாருங்கள். விற்பனையாளருக்கு வருவாயில் இத்தனை சதவீதம் என்று கொடுத்தால், அவருடைய கணக்கில் இறுதிநிலைச் செலவு என்ற பத்தியே கிடையாது. வருவாய் கூடும் வரை விலையைக் குறைக்கச் சொல்வார்; அவர் நிலையில் இருந்து பார்த்தால் அது முழுக்க முழுக்க நியாயம். எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் இடையே இதே இழுபறி உண்டு. எழுத்தாளரின் உரிமைத்தொகை விற்பனை வருவாயில் ஒரு பங்கு. அச்சுக் கூலி பதிப்பாளருடையது. அதனால் எழுத்தாளர் கேட்கும் விலை எப்போதும் பதிப்பாளர் வைக்க விரும்பும் விலையைவிடக் குறைவாகவே இருக்கும். பொருளியலாளர் வில்லியம் பாமல் 1959-இல் பெருநிறுவனங்களைப் பற்றி முன்வைத்த கருத்தும் இதைச் சார்ந்ததே: ஏற்கத்தக்க ஒரு குறைந்தபட்ச லாபம் வந்துவிட்டால், அதன் பிறகு நிர்வாகிகள் விற்பனை வருவாயைத்தான் பெருக்கப் பார்க்கிறார்கள்.

ஆனால் இந்த விதி அப்பழுக்கில்லாமல் பொருந்தும் ஓர் இடம் உண்டு. 1838-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கூர்னோ, கனிம நீர் ஊற்று ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்கும் ஒருவரைக் கற்பனை செய்தார். தண்ணீர் தானாகச் சுரக்கிறது. இன்னொரு பங்கு எடுத்துக்கொடுக்கச் செலவே இல்லை. அவருக்கு வருவாயைப் பெருக்குவதும் லாபத்தைப் பெருக்குவதும் ஒன்றேதான். இன்று மென்பொருள், மின்னூல் விற்பவர்களின் நிலை ஏறக்குறைய இதுவே. எழுதி முடிக்கப் பெருந்தொகை போயிருக்கலாம். இன்னொரு பிரதிக்கு ஆகும் செலவு ஏறத்தாழச் சுழி. அவர்கள் விதி 3-ஐத் தாராளமாகப் பின்பற்றலாம். மரமும் கூலியும் தேவைப்படும் அலமாரிக்கு இது பொருந்தாது.

## விதி 4: இறுதிநிலை வருவாய் இறுதிநிலைச் செலவுக்குக் குறையாத வரை செய்

கேள்வி ஒவ்வொரு அலகாக நகர்கிறது. ஐந்தாவது 60 கொண்டுவருகிறது, 36 எடுத்துக்கொள்கிறது, செய். ஆறாவது 50 கொண்டுவருகிறது, 42 எடுத்துக்கொள்கிறது; செய். ஏழாவது 40-தான் கொண்டுவரும், 50 எடுத்துக்கொள்ளும், நிறுத்து. விடை 6, லாபம் 120.

வாடகை 240 ஆனாலும் விடை 6-தான். வாடகை எந்த ஒரு அலமாரியோடும் கூடுவதோ குறைவதோ இல்லை என்பதால் அது இந்தக் கணக்குக்குள் நுழைவதே இல்லை. லாபம் 120-இலிருந்து சுழிக்கு இறங்கிவிடும், அது வேறு விஷயம். எண்ணிக்கையை மாற்றி அதை மீட்க முடியாது. மாறாக, மரத்தின் விலை ஏறினால் இறுதிநிலைச் செலவு உடனே ஏறும். அலமாரிக்கு 10 கூடினாலே ஆறாவதுக்கு 52 ஆகிவிடும், விடை 5-க்கு இறங்கும். எந்தச் செலவு எண்ணிக்கையை மாற்ற வேண்டும், எந்தச் செலவு மாற்றக் கூடாது என்று பிரித்துச் சொல்லும் விதி நான்கில் இது ஒன்றுதான்.

இதன் மறைமுகச் செலவு தகவல். மற்ற மூன்று விதிகளுக்கும் கணக்காளர் தரும் மொத்தங்களும் சராசரிகளும் போதும். இதற்கு வேண்டிய இரண்டு எண்களும் எந்தப் புத்தகத்திலும் நேராக எழுதப்பட்டிருக்காது.

ஆனால் நான்காவது அளவுகோல் இங்கே ஆறுதல் தருகிறது. அட்டவணையின் கடைசிப் பத்தியில் உச்சியைச் சுற்றிப் பாருங்கள்: 112, 120, 110. மதிப்பீடு பிசகி ஐந்தோ ஏழோ செய்தாலும் இழப்பு 8 அல்லது 10-தான். உச்சிக்குப் பக்கத்தில் தரை சமமாக இருக்கிறது. இரண்டு மூன்று அலகு தள்ளிப்போகும்போதுதான் சரிவு செங்குத்தாகிறது. துல்லியமான எண் கிடைக்காததால் இந்த முறையையே விட்டுவிடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

| விதி | அலகு (மாறாச் செலவு 120) | லாபம் | அலகு (மாறாச் செலவு 240) | லாபம் | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|---|---|
| 1. குறைந்த சராசரி | 7 | 110 | 8 | −42 | பட்டறையின் அளவைத் திட்டமிடும்போது |
| 2. விலை ≥ சராசரி | 9 | 18 | 6 | 0 | நஷ்டமின்றி அதிகம் வழங்குவதே நோக்கமானால் |
| 3. உச்ச வருவாய் | 10 | −77 | 10 | −197 | கூடுதல் அலகுக்குச் செலவே இல்லாதபோது |
| 4. இறுதிநிலை | 6 | 120 | 6 | 0 | லாபமே நோக்கமானால் |

மாறாச் செலவு 240 ஆனபோது விதி 2-ம் ஆறில் வந்து நிற்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நஷ்டமில்லாத ஒரே இடம் அதுதான் என்பதால் வேறு வழியில்லாமல் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

## இனி அந்த 53

வாரத்துக்கு ஆறு செய்து 75-க்கு விற்றுக்கொண்டிருக்கும்போது சராசரி 55. புதியவர் 53-க்கு இரண்டு கேட்கிறார். அவருக்குக் கொடுக்கும் விலை வழக்கமான வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது, அவர் வாங்கியதை அவர்களிடம் திருப்பி விற்கவும் மாட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

சராசரியைப் பிடித்துக்கொண்டிருப்பவர் "55-க்குச் செய்வதை 53-க்கா?" என்று மறுத்துவிடுவார். இறுதிநிலைக் கணக்கை அரைகுறையாகப் படித்தவர் இன்னும் ஒரு படி போவார்: ஏழாவதுக்கு 50, எட்டாவதுக்கு 62, ஆக 112 செலவு, வரவு 106, ஆகவே வேண்டாம் என்பார். முதலாமவரைவிட இவர் காரணம் நல்லது. ஆனாலும் முடிவு தவறு.

இருவரும் ஆறு வழக்கமான விற்பனையைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். ஆறாவது அலமாரி வழக்கமான சந்தையில் கொண்டுவருவது 50. புதியவர் அதே அலமாரிக்கு 53 தருகிறார். அப்படியானால் வழக்கமான சந்தையில் ஐந்தோடு நிறுத்தி, விலையை 80-க்கு ஏற்றிவிட்டு, ஆறாவதைப் புதியவருக்குக் கொடுக்கலாம். ஏழாவதைச் செய்ய 50 ஆகும். அதையும் அவருக்கே கொடுக்கலாம். எட்டாவது தேவையே இல்லை. வழக்கமான சந்தையில் 400, புதியவரிடம் 106, மொத்தச் செலவு 380. லாபம் 126. முன்பைவிட 6 கூடுதல்.

ஒவ்வோர் அலகையும் அது அதிகம் கொண்டுவரும் சந்தைக்கு அனுப்ப வேண்டும். எல்லாச் சந்தைகளின் இறுதிநிலை வருவாயையும் ஒரே இறுதிநிலைச் செலவோடு ஒப்பிட வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் கான்டினென்டல் ஏர்லைன்ஸ் விமானங்களை இயக்கிய விதம் இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். எல்லாச் செலவையும் பங்கிட்டால் ஒரு பயணத்துக்கு 4,500 டாலர் ஆகும். அந்தப் பயணத்தால் மட்டுமே ஏற்படும் செலவு 2,000 டாலர். வருவாய் 3,100 டாலர். சராசரியைப் பார்த்திருந்தால் விமானம் தரையில் நின்றிருக்கும். பறந்ததால் 1,100 டாலர் மிஞ்சியது.

இதில் மறைந்திருக்கும் ஆபத்து, 53 என்ற விலை வெளியே கசிவது. வழக்கமான வாடிக்கையாளர் ஐவரும் 80 கொடுத்துக்கொண்டிருக்கும்போது செய்தி தெரிந்து ஒவ்வொருவரும் 5 குறைக்கச் சொன்னால் 25 போய்விடும். சம்பாதித்த 6 எந்த மூலைக்கு? கசிவு நிச்சயம் என்றால் மறுத்துவிடுங்கள்.

## விலை நம் கையில் இல்லாதபோது

நம்மைப்போல் ஆயிரம் பேர் ஒரே மாதிரிப் பொருளை விற்கும் சந்தையில், நாம் ஒன்று கூட்டினாலும் குறைத்தாலும் விலை அசையாது. அப்போது விலையே இறுதிநிலை வருவாய். விலை 62 என்றால் எட்டாவது வரை செய்யலாம். இதில் சிக்கல் எதுவும் இல்லை. விலை சரியும்போதுதான் இரண்டு இடங்களில் வழுக்குகிறது.

விலை 36 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அலமாரிக்கு 38 ஆகிறது. "இறுதிநிலைச் செலவு அதிகம், நிறுத்து" என்று முதல் படியிலேயே நின்றுவிடுபவர் இருக்கிறார். ஆனால் இரண்டாவது முதல் ஐந்தாவது வரை 32, 30, 32, 36. ஐந்து செய்தால் வரவு 180, மாறும் செலவு 168, 12 மிஞ்சுகிறது. செலவு ஏறிக்கொண்டிருக்கும் பக்கத்தில் வரும் சந்திப்பைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், இறங்கிக்கொண்டிருக்கும் பக்கத்தில் வருவதை அல்ல.

அந்த 12 வாடகையை அடைக்கப் போதாது. 108 நஷ்டம். ஆனால் மூடி வைத்திருந்தால் 120 நஷ்டம். ஆகவே இந்த வாரம் ஓடட்டும். விலை 30-க்கு இறங்கினால் கதை மாறும்: மூன்று செய்தால் வரவு 90, மாறும் செலவு 100. வாடகைக்கு உதவாததோடு மேலும் 10 கைவிட்டுப் போகிறது. எந்த எண்ணிக்கையிலும் மாறும் செலவின் சராசரி 33-க்குக் கீழே இறங்குவதில்லை. விலை அதற்குக் கீழே போனால் மூடிவிடுவதே மேல். குத்தகை முடியும் நாள் வரும்போது வாடகையும் தவிர்க்கக்கூடிய செலவாகிவிடும், அன்று 54.3-க்குக் குறைவான விலைக்குத் தொடர்வதில் அர்த்தமில்லை.

## இரண்டு எண்களையும் எங்கே தேடுவது

செலவுக்கு, எண்ணிக்கை மாறிய இரண்டு வாரங்களை எடுங்கள். ஐந்து செய்த வாரத்தில் மாறும் செலவு 168, ஏழு செய்த வாரத்தில் 260. வித்தியாசம் 92, இரண்டால் வகுத்தால் 46. ஆறாவதும் ஏழாவதும் சேர்ந்து தலா 46 என்று தெரிகிறது. தோராயம்தான், ஆனால் 55 என்ற சராசரியைவிட உண்மைக்கு நெருக்கமானது. ஏமாற்றும் இடங்கள் மூன்று. மிகைநேரக் கூலி சம்பளக் கணக்கில் ஒளிந்திருக்கும். இயந்திரத் தேய்மானம் சில மாதங்கள் கழித்துப் பழுதுபார்ப்புச் செலவாகத் தலைகாட்டும். கிடங்கில் இருக்கும் மரத்தை வாங்கிய விலைக்கே எழுதுவார்கள். எடுத்ததை மறுபடி வாங்கி வைக்க இன்று என்ன ஆகுமோ அதைத்தான் எழுத வேண்டும்.

வருவாய்க்கு, விலையைச் சிறிது மாற்றிப் பார்ப்பதைத் தவிர நேரான வழி இல்லை. 80-இலிருந்து 75 ஆக்கியபோது விற்பனை ஐந்திலிருந்து ஆறானால் கூடிய வருவாய் 50. ஆனால் விலை குறைந்த முதல் வாரத்தில் அடுத்த மாதம் வாங்க இருந்தவர்களும் வந்து வாங்கிவிடுவார்கள். போட்டியாளர் இரண்டு வாரம் கழித்துத் தானும் விலையைக் குறைப்பார். ஆகவே முதல் வார எண்ணை அப்படியே நம்பக் கூடாது.

இறுதியாக, செலவு எப்போதும் அட்டவணையில் இருப்பதுபோல் வழுவழுப்பாக ஏறுவதில்லை. ஆறுக்கு மேல் ஒன்று செய்தாலும் கூடுதல் ஆள் ஒருவரை வாரம் முழுவதற்கும் 60-க்கு அமர்த்த வேண்டும் என்ற நிலை இருக்கலாம். அப்போது ஏழாவதின் இறுதிநிலைச் செலவு 50 அல்ல, 110. புதியவருக்கு இரண்டு கொடுத்து 6 சம்பாதிக்கும் திட்டம் அங்கேயே கவிழ்ந்துவிடும். ஆறைத் தாண்டாமல் நான்கை வழக்கமான சந்தையிலும் இரண்டைப் புதியவருக்கும் விற்றாலும் லாபம் 116-தான். ஐந்தை வழக்கமான சந்தையில் 80-க்கு விற்றுவிட்டு, ஒன்றே ஒன்றை மட்டும் 53-க்குக் கொடுத்தால் 123. ஒன்றுக்குச் சம்மதிப்பாரா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.